கொழும்பு இலக்க அக்வா: தண்ணீர் நின்ற மட்டத்தை எங்கே தேடுவது?

"ஐயா, நான் சாவகச்சேரியில் ஆசிரியராக இருக்கிறேன். யாழ்ப்பாணத்தில் ஒரு விற்பனை நிலையத்தில் 2013ஆம் ஆண்டு ரொயோட்டா அக்வா ஒன்று பார்த்தோம். மேல் மாகாண இலக்கம். மற்ற இடங்களில் கேட்ட விலையிலும் நாலைந்து இலட்சம் குறைத்துச் சொல்கிறார்கள். உள்ளே புதுச் சீற் கவர், நல்ல வாசனை. முன் இடப்பக்க மட்காட்டின் வெள்ளை மட்டும் வெயிலில் கொஞ்சம் வேறாகத் தெரிகிறது. கேட்டதற்கு மோட்டார் சைக்கிள் உரசியது என்றார்கள். இது கொழும்பு வெள்ளத்தில் நின்ற வண்டியோ என்று மனைவி பயப்படுகிறா. முற்பணம் கொடுக்க முன் நாங்களாகவே எதைப் பார்க்கலாம்?"
— வாசகர், சாவகச்சேரி

தம்பி, உங்கள் மனைவி கேட்ட கேள்வி சரியான கேள்வி. 2016 மே மாதம் களனி கங்கை பெருகியபோது கொலன்னாவை, வெல்லம்பிட்டி, கடுவெலப் பக்கம் வீட்டு வாசலில் நின்ற வாகனங்கள் அப்படியே தண்ணீருக்குள் போயின. 2025 நவம்பர் கடைசியில் டிட்வா புயலோடு வந்த வெள்ளம் அதைவிடப் பெரியது. அப்படி நின்ற வண்டியை அந்த ஊரிலேயே விற்க முடியாது, அக்கம்பக்கம் முழுக்கக் கண்டிருக்கும். அதனால் அது கழுவித் துடைக்கப்பட்டு, கதை தெரியாத ஊருக்குப் போகும். எங்கள் பக்கமும் அப்படி ஒரு ஊர்தான்.

அதே நேரம் மேல் மாகாண இலக்கத்தை மட்டும் வைத்துப் பயப்பட வேண்டாம். இலங்கையில் பெரும்பாலான கார்கள் முதலில் பதிவானதே அங்கேதான். 2020 மார்ச் தொடக்கம் 2025 பெப்ரவரி வரை தனியார் கார் இறக்குமதி நின்றிருந்த காலத்தில் உள்ளூரில் இருந்த வண்டிகளே கைமாறிக் கைமாறி ஓடின. வட மாகாண இலக்கமும் நற்சான்றிதழ் அல்ல. 2018 டிசம்பரில் கிளிநொச்சியிலும் 2024 நவம்பரில் எங்கள் குடாநாட்டிலும் வெள்ளம் நின்றதை மறந்துவிடக் கூடாது. இலக்கத்தை விட்டுவிட்டு வண்டியைப் பார்ப்போம்.

பார்க்கப் போகிறவர்கள் முதலில் தேடுவது துருவை. யாழ்ப்பாணத்தில் அது உங்களை ஏமாற்றிவிடும். கடற்காற்றுப் படும் இடத்தில் ஐந்து வருடம் நின்ற நல்ல வண்டியின் அடிப்பாகமும் துருப்பிடித்திருக்கும். சைலன்சர், சக்கரத்தின் உட்பக்கம், பிரேக் தட்டின் விளிம்பு, பொனற்றுக்குள் சில ஆணித்தலைகள் இவற்றில் துரு இருந்தால் அது கடல் செய்த வேலை. அதைக் காட்டி ஒரு நல்ல வண்டியைத் தட்டிக்கழிக்க வேண்டாம். மழையும் கடற்காற்றும் நேரே போகாத இடங்களில், அதாவது கதவைச் சாத்தினால் உள்ளே அடைபடும் இடங்களில், இருக்கும் துருவைத்தான் கணக்கெடுக்க வேண்டும். சீற்றின் அடிச்சட்டம், சீற்றைத் தரையோடு பிடிக்கும் ஆணிகள், பிரேக் மிதியின் மேல் நுனி, ஸ்டியரிங் தண்டின் கீழ்ப்பகுதி, டாஷ்போர்டுக்கு உள்ளே இருக்கும் இரும்புத் தாங்கிகள் எல்லாம் அப்படியான இடங்கள்.

மண்ணிலும் இதே பிரச்சினை உண்டு. வலிகாமத்துச் செம்மண் புழுதி எந்த வண்டிக்குள்ளும் போகும், அதைக் கண்டு வெள்ளச் சேறு என்று நினைத்துவிடக் கூடாது. இரண்டையும் பிரித்தறிய ஒரு வழி இருக்கிறது. புழுதி மேலிருந்து விழுவது. ஒரு தட்டின் மேற்புறத்தில் படியும், அடிப்புறத்தில் படியாது. விரலால் துடைத்தால் பொடியாக வரும். வெள்ளத்துச் சேறு தண்ணீரோடு சேர்ந்து நுழைவது. தண்ணீர் நின்ற உயரம் வரை மேற்புறம், அடிப்புறம், மடிப்பு, துளை என்று பார்க்காமல் எல்லா இடத்திலும் மெல்லிய தோலாகக் காய்ந்திருக்கும். ஈரத் துணியால் துடைத்தால் குழம்பாக வரும், காய்ந்ததும் விரலில் மா பூசினது மாதிரி ஒட்டி நிற்கும். ஒரு தாங்கியின் அடிப்புறத்தில் இப்படிப் பூச்சுக் கண்டால் அது காற்றில் வந்ததல்ல.

நீங்கள் தேட வேண்டியது ஒரு உயரத்தை. ஒரு இடத்தில் கறை, இன்னொரு இடத்தில் துரு என்பதை வைத்து முடிவெடுக்க முடியாது. யாரோ சோடாவை ஊற்றியிருக்கலாம், கண்ணாடி ரப்பர் ஒழுகியிருக்கலாம். டிக்கியிலும் முன் சீற் அடியிலும் கதவுத் தூணிலும் கிடைக்கும் அடையாளங்கள் ஏறத்தாழ ஒரே மட்டத்தில் நின்றால், அதுவரை தண்ணீர் நின்றிருக்கிறது. ஒழுக்கு ஒரு மூலையில்தான் இருக்கும். வெள்ளம் நாலு மூலையிலும் ஒரே மட்டமாக நிற்கும். வண்டி சரிவில் நின்றிருந்தால் மட்டம் முன்பின் சரியும், அப்போதும் இடம் வலம் பொருந்தும்.

சரி, பார்க்கும் ஒழுங்குக்கு வருவோம். டிக்கியைத் திறந்து தரை விரிப்பையும் அதன் கீழ் இருக்கும் தட்டையும் தூக்குங்கள். அக்வாக்களில் ஸ்பெயர் ரயருக்குப் பதிலாகப் பஞ்சர் சாமான் பெட்டி இருப்பதும் உண்டு, எதுவானாலும் அதன் குழியைக் காண வேண்டும். விற்பவர்கள் சீற்றையும் டாஷ்போர்டையும் பளபளப்பாக்குவார்கள், இந்தக் குழியின் மூலைக்குக் கை போகாது. ஜாக்கி துருப்பிடித்து இறுகியிருக்கிறதா, குழியின் அடியில் இருக்கும் ரப்பர் அடைப்பைச் சுற்றிச் சேற்று வளையம் நிற்கிறதா என்று பாருங்கள். வண்டியில் மற்ற எல்லாம் பழசாக இருக்கக் குழி மட்டும் புதிதாகப் பெயின்ற் அடித்திருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். அது வெள்ளமாக இருக்கலாம், பின்னால் அடிபட்டதாகவும் இருக்கலாம்.

அடுத்தது சீற் பெல்ற். நாலு பெல்ற்றையும் ஒவ்வொன்றாக முழுக்க, இனி வராது என்னும் வரை இழுங்கள். வழக்கமாக நாங்கள் வெளியே காண்பது பெல்ற்றின் பாதியைத்தான். மிச்சம் கதவுத் தூணின் அடியில் உருளைக்குள் சுற்றிக் கிடக்கும். தண்ணீர் அந்த உருளை வரை ஏறியிருந்தால் உள்ளே கிடந்த பகுதியில் குறுக்காக ஒரு மண்ணிறக் கோடு தெரியும். பெல்ற்றைச் சவர்க்காரம் போட்டுத் தேய்த்தாலும் நெசவுக்குள் நிறம் தங்கிவிடும். கைவிட்டதும் அது தடையில்லாமல் ஓடி உள்ளே போக வேண்டும். நின்று நின்று போனாலோ நறநறவென்று சத்தம் கேட்டாலோ உருளைக்குள் மண் இருக்கலாம். நாலில் ஒன்று மட்டும் புதிதாக இருந்தால் அது விபத்துக் கதை. பெல்ற்றின் அடி நுனியில் தைத்திருக்கும் சிறு சிட்டையில் உற்பத்தி ஆண்டு இருக்கும், அதை வண்டியின் ஆண்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

பிறகு முன் சீற்றை முழுக்கப் பின்னுக்குத் தள்ளி, கைப்பேசி வெளிச்சத்தை அடியில் பிடியுங்கள். புதுச் சீற் கவர் போட்டவர் சீற்றின் அடியில் இருக்கும் சுருள் கம்பியை மாற்றியிருக்க மாட்டார். அங்கே தடித்த மண்ணிறத் துரு, கம்பிக்குக் கம்பி ஒரே அளவில் இருந்தால் நல்ல அறிகுறி அல்ல. சீற்றைத் தரையோடு பிடிக்கும் நாலு ஆணிகளின் தலையையும் பாருங்கள். ஓரங்களில் பெயின்ற் உரிந்து சாவி போட்ட தடம் இருந்தால் சீற் கழற்றப்பட்டிருக்கிறது. காரில் சீற்றைச் சும்மா யாரும் கழற்றுவதில்லை, கார்ப்பெற்றைத் தூக்கக் கழற்றியிருக்கலாம். எதற்காகக் கழற்றினீர்கள் என்று கேளுங்கள்.

இதுவரை சொன்ன எல்லாவற்றையும் கவனமான ஒருவர் கழுவி மறைத்துவிடலாம். மறைக்க முடியாத இடம் கார்ப்பெற்றுக்குக் கீழே இருக்கிறது. கதவைத் திறந்ததும் காலடியில் நீளமாக ஒரு பிளாஸ்டிக் பட்டி இருக்கும். அது கிளிப்பில்தான் நிற்கிறது, பழகிய கை மேலே இழுத்தால் உடையாமல் கழரும். உரிமையாளரிடம் கேட்டு, தெரிந்த மெக்கானிக் ஒருவரைக் கொண்டு கழற்றுங்கள். அதன் கீழே வண்டியின் முன்னிருந்து பின்னுக்குப் போகும் வயர்க்கட்டு ஓடும், பக்கத்தில் கார்ப்பெற்றின் ஓரத்தை விரலால் தூக்கலாம். கார்ப்பெற் மேலே காய்ந்துவிடும், கீழே இருக்கும் தடித்த பஞ்சு மெத்தை இலேசில் காயாது. அதைக் கிள்ளி முகர்ந்து பாருங்கள். வயர்க்கட்டில் ஒரு சொக்கற்றைக் கழற்றி உள்ளே பித்தளை முனைகளைப் பாருங்கள். மஞ்சளாகவோ வெள்ளியாகவோ மினுங்கினால் சரி. பச்சைக் களிம்பு பூத்திருந்தால் அந்த வண்டியை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள்.

நான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. எங்கள் கராஜுக்கு ஒரு வேகன் ஆர் வந்தது. உடுவில் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் வாங்கி ஏழெட்டு மாதம் பிரச்சினை இல்லாமல் ஓடியிருக்கிறார். மாரி தொடங்கியதும் கதவுப் பூட்டு தானாகத் திறந்து மூடத் தொடங்கியது. பிறகு பின் லைற் ஒன்று சில நாள் எரியும், சில நாள் எரியாது. அப்புறம் ஒரு நாள் காலை வண்டி எழும்பவே இல்லை. மூன்று இடத்தில் காட்டி, பற்றரி மாற்றி, பூட்டு மோட்டார் மாற்றி, ஒன்றும் சரிவராமல்தான் எங்களிடம் வந்தார். பூட்டும் லைற்றும் ஸ்ராட்டும் ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத வேலைகள். ஆனால் மூன்றுக்கும் போகும் வயர் ஒரே பக்கத்துக் காலடிப் பட்டியின் கீழால்தான் போகிறது. பட்டியைக் கழற்றினோம். சொக்கற் முழுக்கப் பச்சை. ஒரு முனை தின்னப்பட்டு மயிரிழையாக நின்றது. வேகன் ஆரில் இடப்பக்க முன் சீற் அடியில் ஒரு சிறு லிதியம் பற்றரி இருக்கும், சீற்றைத் தூக்கிப் பார்த்தால் அதைப் பிடிக்கும் இரும்புத் தாங்கியின் பாதி உயரம் வரை காய்ந்த சேறு. டிக்கிக்குள்ளும் கதவுத் தூணிலும் அதே மட்டம். வண்டிக்குள் தரையிலிருந்து ஒரு சாண்தான் தண்ணீர் நின்றிருக்கிறது, சீற்றின் துணி நனையவே இல்லை. அதனால்தான் வாங்கும்போது அவருக்கு ஒரு கறையும் தெரியவில்லை.

அந்த ஏழெட்டு மாத இடைவெளிதான் வெள்ள வண்டியின் குணம். தண்ணீர் அன்றே ஒன்றையும் கெடுக்காமல் விடலாம். சொக்கற்றுக்குள் தங்கிய சேறு காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். இரண்டு முனைகளுக்கு இடையில் எப்போதும் சிறு மின்னழுத்தம் நிற்பதால் செம்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து களிம்பாகும். வெயில் காலத்தில் காய்ந்து வேலை செய்யும், மாரியில் திரும்பவும் தொல்லை கொடுக்கும். ஒரு சொக்கற்றைச் சுத்தம் செய்தால் அடுத்தது தொடங்கும். அவர் கடைசியில் முழு வயரிங்கையும் மாற்ற வேண்டி வந்தது. ஓடிப் பார்த்தேன், நன்றாகத்தான் ஓடியது என்று வாங்குபவர் சொல்வதும் உண்மைதான். ஓடிப் பார்ப்பதில் இது தெரியாது.

இனி உங்கள் அக்வாவுக்கே உரிய விஷயம். அதன் ஹைபிரிட் பற்றரி பின் சீற்றின் அடியில் இருக்கிறது, 144 வோல்ற். வேகன் ஆரில் நின்ற அந்த ஒரு சாண் தண்ணீர் இதில் நின்றிருந்தால் பற்றரிப் பெட்டியைத் தொட்டிருக்கும். பின் சீற்றின் கீழோரம் பக்கமாக ஒரு சிறு காற்றுத் துவாரம் இருக்கும். பற்றரியைக் குளிர வைக்கும் விசிறி அதன் வழியாகத்தான் காற்று இழுக்கிறது. அந்தத் துவாரத்தின் உட்சுவரில் வெளிச்சம் பிடித்துப் பாருங்கள். பஞ்சும் தலைமயிரும் புழுதியும் இருந்தால் அது சாதாரணம், சுத்தம் செய்யலாம். சுவரோடு ஒட்டிய சேற்றுப் பூச்சு இருந்தால் பேச்சை முடித்துவிடுங்கள். செம்மஞ்சள் நிற உறை போட்ட தடித்த வயர்கள் எங்கே கண்டாலும் கை வைக்க வேண்டாம், உங்களோடு வரும் சாதாரண மெக்கானிக்கையும் வைக்க விடவேண்டாம். பற்றரிப் பெட்டியைத் திறப்பது ஹைபிரிட் வேலை பழகியவர் பாதுகாப்புக் கையுறையோடும், உள்ளே இருக்கும் துண்டிப்புப் பிளக்கைக் கழற்றிய பிறகும் செய்ய வேண்டிய வேலை.

ஆனால் ஸ்கானர் போடுவது ஆபத்தில்லாதது, அதைக் கட்டாயம் செய்யுங்கள். ஹைபிரிட் பார்க்கும் கராஜ் ஒன்றில் கேட்டால் பற்றரியின் ஒவ்வொரு பகுதியின் வோல்ற்றையும் திரையில் காட்டுவார்கள். வண்டி ஓடும்போது அவை ஒன்றோடொன்று ஒட்டியே ஏறி இறங்க வேண்டும். ஒன்று மட்டும் விலகி விழுந்தால் அந்தப் பகுதி பழுது. அது வயதாலும் வரும், வெள்ளத்தாலும் வரும். P0AA6 என்ற குறியீடு வந்தால் உயர் மின்னழுத்தம் வண்டியின் உடம்புக்குக் கசிகிறது என்று பொருள். அதற்கு ஈரமும் களிம்பும் வழக்கமான காரணங்கள், ஏசி கம்பிரசர் பழுதாலும் வரலாம். ஒரு குறியீடும் வராவிட்டால் நிம்மதி என்றும் எடுக்க வேண்டாம். விற்க முன் அழித்துவிடுவார்கள். பல ஸ்கானர்களில் Distance since codes cleared என்று ஒரு வரி வரும், குறியீடுகளை அழித்த பிறகு வண்டி எத்தனை கிலோமீற்றர் ஓடியது என்று அது சொல்லும். பத்துப் பதினைந்து கிலோமீற்றர் என்று காட்டினால் ஏன் அண்மையில் அழித்தீர்கள் என்று கேட்க உங்களுக்குக் காரணம் கிடைக்கும். அப்படியானால் ஸ்கான் செய்த அன்றே முடிவெடுக்காமல் நாலைந்து நாள் விட்டு, வண்டி கொஞ்சம் ஓடிய பிறகு திரும்ப ஒருமுறை போடச் சொல்லுங்கள்.

வாசனை பற்றி எழுதியிருந்தீர்கள். நல்ல வாசனை குற்றமில்லை, ஆனால் மூக்குக்கு வேலை செய்ய விடாது. வாசனைப் போத்தலை எடுத்து வெளியே வையுங்கள். கண்ணாடிகளை மூடி, மத்தியான வெயிலில் ஒரு மணித்தியாலம் வண்டியை விடச் சொல்லுங்கள். பிறகு கதவைத் திறந்த முதல் மூச்சை நம்புங்கள். காய்ந்த குளத்துச் சேறு மணத்தாலோ நனைந்த சாக்கு மணத்தாலோ மெத்தைக்குள் ஈரம் இருக்கிறது. ஏசியை வெளிக்காற்று அடைத்து, சூட்டுப் பக்கம் திருப்பிப் பத்து நிமிடம் ஓட விட்டாலும் அதே மணம் எழும்பும். எங்கள் வெயிலுக்கு யாரும் ஹீற்றர் போடுவதில்லை, ஆகவே அந்தக் குழாயைக் கழுவ யாருக்கும் நினைவு வருவதுமில்லை. எஞ்சின் ஒயில் பால் கலந்த தேநீர் நிறத்தில் இருக்கிறதா என்றும் ஒருமுறை பாருங்கள். ஒயில் மாற்றுவது ஒரு மணித்தியால வேலை என்பதால் அது சுத்தமாக இருப்பதில் பெரிய ஆறுதல் ஒன்றும் இல்லை.

மட்காட்டுக்கு வருவோம். நிறம் வேறாகத் தெரிவது பெயின்ற் அடித்ததைக் காட்டுகிறது, அவ்வளவுதான். மட்காட் ஆணியில் நிற்கும் தகடு. மோட்டார் சைக்கிள் உரசினால் கழற்றி, தட்டி, பெயின்ற் அடித்துத் திரும்ப மாட்டுவார்கள், அதில் வண்டிக்கு ஒரு கேடும் இல்லை. பொனற்றைத் திறந்து மட்காட்டின் மேல் ஓர ஆணிகளைப் பாருங்கள். சாவித் தடம் இருக்கும், இருக்கட்டும். அந்த அடி அதற்கு உள்ளே போயிருக்கிறதா என்பதுதான் கேள்வி. மட்காட்டுக்கு உட்புறம், சக்கரத்துக்கு மேலே இருக்கும் தகடு ஆணியில் நிற்பதல்ல, வெல்டிங் ஒட்டு வைத்தது. தொழிற்சாலையில் வைத்த ஒட்டுகள் சிறு பொட்டுகளாக, ஒரே இடைவெளியில், சற்றுக் குழிந்து வரிசையாக இருக்கும். இரண்டு தகடுகள் சேரும் இடத்தில் பூசிய பசை ஒரே அகலத்தில் ஓடும். இடப்பக்கத்தையும் வலப்பக்கத்தையும் மாறி மாறிப் பாருங்கள், அவை கண்ணாடியில் பார்த்ததுபோல ஒத்திருக்க வேண்டும். வலப்பக்கம் பொட்டு வரிசையும் இடப்பக்கம் அரைத்து மழித்த தழும்பும் இருந்தால், அல்லது பசை தூரிகையால் இழுத்ததுபோல இருந்தால், அது மோட்டார் சைக்கிள் உரசியது அல்ல.

கண்ணுக்குச் சந்தேகமாக இருந்தால் அளவு நாடா எடுங்கள். வண்டியை மட்டமான தரையில், ஸ்டியரிங்கை நேராக வைத்து நிறுத்துங்கள். முன் சக்கரத்தின் நடுவிலிருந்து பின் சக்கரத்தின் நடு வரை இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள். அக்வாவுக்கு அது 2550 மில்லிமீற்றர். இரண்டு பக்கத்துக்கும் சில மில்லிமீற்றர் வித்தியாசம் உங்கள் கையால் வந்திருக்கலாம். ஒரு சென்ரிமீற்றருக்கு மேல் வந்து, திரும்ப அளந்தாலும் அதுவே வந்தால், முன் அடியில் சக்கரம் பின்னுக்குப் போயிருக்கிறது. அதற்கு ஆகக் குறைந்த காரணம் வளைந்த சஸ்பென்சன் கை, அது மாற்றக்கூடியது. அதற்கு மேல் என்றால் முன் சட்டமே நெளிந்தது. பொனற்றுக்குள் குறுக்காகவும் அளக்கலாம்: ஒரு பக்க அதிர்வுதாங்கித் தலையின் ஆணியிலிருந்து எதிர்ப்பக்க முன் மூலையில் உள்ள ஒரு ஆணி வரை, பிறகு மற்ற மூலைக்கும் அதேபோல. இரண்டும் ஒத்திருந்தால் முன்பகுதி நேராக இருக்கிறது. ரயரின் உள் ஓரம் மட்டும் ஒரு பக்கம் தேய்ந்திருப்பதும் இதே கதையைச் சொல்லும், புது ரயர் போட்டிருந்தால் அந்தச் சாட்சி இருக்காது.

காந்தம் கொண்டுபோகச் சொல்லி யாராவது சொன்னால் கொண்டுபோகலாம். துணி சுற்றிய சிறு காந்தம் இரும்புத் தகட்டில் பிடிக்கும், தடித்த புட்டிக்கு மேல் வழுக்கும். பம்பர் பிளாஸ்டிக், அதில் எப்படியும் பிடிக்காது. பிரியஸ் போன்ற சில வண்டிகளில் பொனற்றே அலுமினியம். காந்தம் வழுக்கியது என்று அங்கே சண்டை பிடிக்கக் கூடாது.

விபத்தில் நான் பெயின்ற்றைவிடப் பயப்படுவது எயார்பாக்கைப் பற்றித்தான். வெடித்த எயார்பாக்குக்குப் பதில் புதிது போடச் செலவு அதிகம், அதனால் ஸ்டியரிங் நடு மூடியையும் டாஷ்போர்டையும் மட்டும் சரிக்கட்டி உள்ளே வெறுமையாக விடுபவர்கள் இருக்கிறார்கள். இதைப் பார்க்க ஒரு நிமிடம் போதும். பிரேக்கில் கால் வைக்காமல் பவர் பட்டனை இரண்டு தரம் அமத்துங்கள், வண்டி ஸ்ராட் ஆகாமல் விளக்குகள் மட்டும் வரும். எயார்பாக் விளக்கு எரிந்து, ஏறத்தாழ ஆறு வினாடியில் அணைய வேண்டும். அணையாமல் நின்றால் பழுது. முதலிலேயே எரியாவிட்டால் அது அதைவிட மோசம், விளக்கைக் கழற்றியிருக்கிறார்கள் அல்லது வேறு விளக்கோடு கட்டியிருக்கிறார்கள். மற்ற விளக்குகள் அணையும் அதே கணத்தில் இதுவும் அணைந்தாலும் சந்தேகப்படுங்கள். வெள்ளத்துக்கும் இது பொருந்தும். எயார்பாக்கைக் கட்டுப்படுத்தும் பெட்டி பெரும்பாலான கார்களில் இரண்டு முன் சீற்றுக்கும் நடுவே தரையோடு இருக்கிறது, தண்ணீர் கார்ப்பெற்றுக்கு மேல் ஏறினால் முதலில் நனைவதில் அதுவும் ஒன்று.

கடதாசிகளில் சிஆர் மட்டும் போதாது. முன்பு சேர்விஸ் செய்த பதிவுகளைக் கேளுங்கள். அதில் திகதியையும் கிலோமீற்றரையும் ஒழுங்காகப் பின்தொடருங்கள். 2016 மே, 2025 நவம்பர் போன்ற மாதங்களுக்குப் பிறகு நீண்ட இடைவெளியும் உடனே ஒரு கைமாற்றமும் இருந்தால் அந்த இடத்தில் விரல் வைத்துக் கேளுங்கள். இந்த வண்டிக்கு முன்பு இழப்பீடு கோரப்பட்டதா என்று காப்புறுதி நிறுவனத்திடம் கேட்டுத் தரும்படி தற்போதைய உரிமையாளரிடம் சொல்லலாம். ஒளிக்க ஒன்றுமில்லாதவர் அதற்கு ஓம் என்பார்.

இனி முடிவு. மட்காட்டும் பம்பரும் மட்டும் மாறியிருக்கிறது, உள் ஒட்டுகள் ஒத்திருக்கின்றன, அளவு பொருந்துகிறது, எயார்பாக் விளக்கு ஒழுங்காக அணைகிறது என்றால் அந்த வெள்ளை வித்தியாசத்தைக் காட்டி விலையைக் குறைத்து வாங்குங்கள், நான் தடுக்க மாட்டேன். முன் சட்டம் நெளிந்து நிமிர்த்தியிருந்தால் வேண்டாம். தண்ணீர் சக்கரத்தின் பாதி வரை மட்டும் வந்து உள்ளே நுழையாத வண்டி என்றால் சக்கர பெயாரிங்கையும் பிரேக்கையும் பார்த்து எடுக்கலாம். கார்ப்பெற்றுக்கு மேல் ஏறியது என்றால், அதுவும் ஹைபிரிட் என்றால், நாலைந்து இலட்சம் அல்ல, பத்து இலட்சம் குறைத்தாலும் எடுக்க வேண்டாம். அந்தப் பணம் வயரிங்கிலும் பற்றரியிலும் போய்விடும், அதற்குப் பிறகும் மழை நாளில் நடுவழியில் நிற்பீர்கள்.

இவ்வளவையும் பார்க்க ஒரு நாள் போதும். காலையில் போய் டிக்கி, பெல்ற், சீற் அடி பாருங்கள். மத்தியானம் வெயிலில் மணம் பார்த்து, பின்னேரம் ஸ்கானருக்குக் கொண்டுபோங்கள். காலடிப் பட்டியைக் கழற்றவோ ஸ்கானர் போடவோ விடமாட்டோம் என்றால், காரணம் எதுவாக இருந்தாலும், முற்பணத்தைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு வெளியே வாருங்கள். விட்டார்கள், எல்லாம் சரியாக இருக்கிறது என்றால், வெள்ளத்தில் நின்றதோ எயார்பாக் வெடித்ததோ இல்லை என்று விற்பவர் கையெழுத்தோடு ஒரு வரி எழுதி வாங்குங்கள். அப்படி இருந்தது பின்னர் தெரியவந்தால் வண்டியை எடுத்துப் பணத்தைத் திருப்பித் தருவதாகவும் அதிலேயே எழுதச் சொல்லி, அதன் பிறகு முற்பணத்தைக் கொடுங்கள்.